தாத்தாவின் இசைத்தட்டுகளைக் காப்பகத்துக்குக் கொடுப்பது எப்படி (துடைப்பதற்கு முன் படியுங்கள்)

ஹட்டனுக்கு மேலே தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த என் தாத்தா விட்டுப்போனது ஒரு டிரங்குப் பெட்டி. கிராமபோனை யாரோ எப்போதோ விற்றுவிட்டார்கள். பெட்டிக்குள் பழைய நாளிதழில் சுற்றிய 23 தட்டுகள் இருந்தன. அவற்றைக் காப்பகத்தில் சேர்க்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. அதில் பாதி என் முட்டாள்தனத்தால் போன காலம். உங்களுக்கு இரண்டு மாதம் போதும்.

முதல் வேலை, பெட்டியை இடம் மாற்றுவது. அடுப்புக்கு மேலே பரணில் இருந்தால் இறக்குங்கள், சூட்டில் தட்டு வளையும். வெயிலில் காய வைக்கவே வேண்டாம். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். ஆனி, ஆடியில் நம் ஊரில் துணியே காயாது என்றால் தட்டின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. வெளிச்சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து உயர்த்தி, தட்டுகளைப் புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் அடித்தட்டில் விரிசல் விழும்.

எது என்ன தட்டு என்று பிரியுங்கள்

நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய கடைத் தட்டுகள் பெரும்பாலும் அரக்கால் ஆனவை. தபால் பொதியில் முத்திரை வைப்பார்களே, அந்த அரக்கின் இனம்தான். அதில் கல்தூளும் கரியும் கலந்து அழுத்தியிருப்பார்கள். கனமாக இருக்கும், கீழே விழுந்தால் பீங்கான் போல உடையும். பத்து அங்குலத் தட்டில் பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டு.

என் பெட்டியில் 22 தட்டுகள் இந்த வகை. இருபத்து மூன்றாவது தட்டில் அச்சிட்ட லேபிள் இல்லை. வெள்ளைத்தாளில் மைப்பேனாவால் "காமன் கூத்து, பெரிய தோட்டம்" என்று எழுதியிருந்தது. மேலே வெண்ணெய் தடவியதுபோல ஒரு வெண்மை. பூஞ்சணம் என்று நினைத்து வேட்டி நுனியால் துடைக்கப்போனேன். நல்லவேளை, அதற்குள் அத்தை சாப்பிடக் கூப்பிட்டார்.

அது பூஞ்சணம் இல்லை. அந்தத் தட்டின் நடு ஓட்டையை டார்ச் அடித்துப் பாருங்கள், ஓட்டையின் விளிம்பில் அலுமினியம் மினுங்கும். சிலவற்றில் லேபிளுக்கு அடியில் இன்னும் இரண்டு மூன்று சிறு ஓட்டைகள் விரலுக்குத் தட்டுப்படும். இது உலோகத் தகட்டின்மேல் மெழுகிய மென்மையான பூச்சில், பாடும்போதே நேரடியாக வெட்டிய தட்டு. பூச்சில் விரிசல் விழாதிருக்கச் சேர்த்த ஆமணக்கெண்ணெய் காலப்போக்கில் சிதைந்து கொழுப்பு அமிலமாக வெளியே கசிகிறது. அதுதான் அந்த வெண்மை. எண்ணெய் போகப் போகப் பூச்சு சுருங்கி, வெடித்து, சுண்ணாம்புச் சுவர்போல உரியும். உரிந்த இடத்தில் ஒலி இல்லை.

கடைத் தட்டு என்றால் அதே பாட்டு சென்னையிலோ கொழும்பிலோ இன்னொருவர் வீட்டில் இருக்க வாய்ப்பு உண்டு. நேரடியாக வெட்டிய தட்டு பெரும்பாலும் உலகத்தில் ஒன்றுதான். ஆகவே லேபிளில் பெரிய பாடகர் பெயர் இருக்கிற தட்டைவிடக் கையெழுத்துத் தட்டுக்குத்தான் அவசரம். அதைத் துடைக்காதீர்கள், ஓட்டிப் பார்க்காதீர்கள், மற்றத் தட்டுகளோடு சேர்க்காதீர்கள். தனி உறையில் வைத்துக் காப்பகத்திடம் முதலில் அதைப் பற்றிச் சொல்லுங்கள்.

நான் சறுக்கிய இடம்: துடைத்தல்

கெசட் பிளேயரின் தலையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துப் பழகியவன் நான். அதே பஞ்சை ஓர் அரக்குத் தட்டில் வைத்தேன். பஞ்சு கறுத்துப் பழுப்பாக வந்தது. எவ்வளவு அழுக்கு என்று மகிழ்ந்து, பஞ்சை மாற்றி மாற்றித் தேய்த்தேன். ஆறாவது பஞ்சும் அதே நிறத்தில் வந்தபோதுதான் சந்தேகம் தட்டியது. தட்டின் பளபளப்பு போய் அந்த இடம் சிலேட்டுப் பலகை போலிருந்தது.

மேசைக்குப் பொலிஷ் போட வந்த தச்சரிடம் காட்டினேன். அவர் சிரித்தே விட்டார். "தம்பி, அரக்கைக் கரைக்கத்தானே நாங்கள் ஸ்பிரிட் வாங்குகிறோம்?" நான் ஆறு பஞ்சு நிறையத் துடைத்தெடுத்தது அழுக்கை இல்லை, பாட்டை.

ஆகவே ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் வேண்டாம். வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவுதான்: மழையில்லாத நாளில் முற்றத்தில் வைத்து, முகக்கவசம் போட்டு, மென்மையான தூரிகையால் காய்ந்த தூசையும் பூஞ்சணத்தையும், பாட்டைப் பொறித்திருக்கும் வரிப்பள்ளம் போகும் திசையிலேயே தட்டிவிடுங்கள். குறுக்கே தேய்த்தால் தூசி வரிக்குள் இறங்கும். கழுவுகிற வேலையைக் காப்பகத்துக்கு விட்டுவிடுவதே என் கட்சி. பருத்திக் கையுறையும் எனக்குப் பிடிக்காது, தட்டு வழுக்கும். கையைக் கழுவி நன்றாக உலர்த்தி, விளிம்பையும் லேபிளையும் மட்டும் பிடியுங்கள்.

ஆசைக்கு ஓட்டிப் பார்க்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கிராமபோனின் எஃகு ஊசி ஒவ்வொரு முறையும் வரியை அரைக்கும். புதிய பிளேயரின் ஊசிமுனை ஏறக்குறைய 25 மைக்ரோன், 78 தட்டுக்கு வேண்டியது 75 அளவில். சின்ன முனை வரியின் அடியில் உரசி இரைச்சலை மட்டும் எடுத்து வரும். பொறுமையாக இருங்கள்.

பட்டியலும் படமும்

காப்பகத்தார் முதலில் கேட்பது பட்டியல். ஒவ்வொரு பக்கத்துக்கும் லேபிளில் உள்ளதை எழுத்துப் பிழையோடு அப்படியே எழுதுங்கள். லேபிளில் இருக்கும் எண் கடைக்காரருக்கான எண், இரு பக்கத்துக்கும் பொதுவாக ஒன்றே. பாட்டுள்ள வரிப்பள்ளம் முடிந்து லேபிள் தொடங்குமுன் வழுவழுப்பான வளையம் ஒன்று இருக்கும். அங்கே அச்சில்லாமல் பொறித்த இன்னோர் எண் உண்டு. ஒவ்வொரு பக்கத்துக்கும் அது வேறு. எந்தப் பதிவிலிருந்து தட்டு அடித்தார்கள் என்று சொல்வது அந்த எண்தான். நேரே பார்த்தால் தெரியாது, டார்ச்சைத் தட்டின் மட்டத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் எழுத்து எழும்பி நிற்கும். படமும் அந்த வெளிச்சத்திலேயே எடுங்கள்.

கையெழுத்துத் தட்டுக்கு எண் இல்லை. அதற்கு வீட்டுப் பெரியவர்களின் நினைவுதான் பட்டியல். யார் பாடியது, எந்தத் தோட்டம், யார் தப்பு மேளம் அடித்தது என்று பெரியப்பா சொன்னதை நான் போனில் பதிந்து, அந்தப் பதிவையும் சேர்த்துக் கொடுத்தேன்.

காப்பகத்தில் என்ன நடக்கிறது

வந்த பெட்டியை உடனே களஞ்சியத்துக்குள் விடமாட்டார்கள். பூஞ்சணம் பரவாமலிருக்கத் தனியே வைத்துச் சுத்தம் செய்வார்கள். அரக்குத் தட்டை வடித்த நீரில் சில துளி மென்மையான சவர்க்காரம் சேர்த்து, லேபிள் நனையாமல் கழுவுவார்கள். பிறகு பல அளவு ஊசிகளை மாற்றிப் பார்த்து, பழைய ஊசி தேய்க்காத உயரத்தில் வரியைத் தொடும் ஊசியைத் தெரிந்தெடுப்பார்கள். வேகமும் ஊகிக்கவேண்டிய விஷயம்தான், 78 என்று பெயரிருந்தாலும் பழைய தட்டுகள் எல்லாம் சரியாக 78-இல் ஓடாது.

பதிவு 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் அமுக்காத கோப்பாக நடக்கும். மூன்று நிமிடப் பக்கம் ஒன்று, இரு தடத்தில் எடுத்தால், சுமார் 100 மெகாபைட். கீறல் சத்தத்தை நீக்கமாட்டார்கள். எனக்கு அது முதலில் எரிச்சலாக இருந்தது. ஆனால் இன்றைய மென்பொருள் கீறலோடு சேர்த்துத் தாளத்தின் கூர்மையையும் தின்றுவிட்டால் மூலத்துக்குத் திரும்ப வழியில்லை. அதனால் மூலக்கோப்பு கரகரப்போடு இருக்கும், கேட்பதற்குச் சுத்தம் செய்த தனிப்படி ஒன்று தருவார்கள்.

உங்களுக்குக் கோப்பு தந்தால் அதன் கைரேகை எண்ணையும் கேளுங்கள், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் நீண்ட எண் அது. விண்டோஸில் இப்படிச் சரிபார்க்கலாம்:

```
certutil -hashfile plate23_A.wav SHA256
```

இரண்டு எண்ணும் ஒன்றானால் கோப்பு வழியில் கெடவில்லை.

எங்கே, எந்தக் காகிதத்தோடு

முதலில் நான் நம்பிக் கொடுத்த இடத்தில் ரசீது வாங்கவில்லை. ஆறு மாதம் கழித்துப் போனால், வாங்கிய அதிகாரி மாற்றலாகியிருந்தார். தட்டுகள் படிக்கட்டுக்கு அடியில் கிடந்தன. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கேட்டுப் பார்க்கவேண்டிய இடங்கள் பல. கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது. 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கிவரும் நூலக நிறுவனம் ஒலி, ஒளி ஆவணங்களையும் சேர்க்கிறது. கம்பளைக்கு அருகே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் உண்டு. இந்தியாவில் வெளியான தமிழ்த் தட்டுகளைப் பற்றி விசாரிக்கச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நல்ல இடம். எங்கே கேட்டாலும் நேரே கேளுங்கள்: அலுமினியத் தட்டை ஓட்டும் கருவியும் ஆளும் உங்களிடம் இருக்கிறதா, இல்லையென்றால் யாரிடம் அனுப்புவீர்கள்?

ஒப்பந்தத்தில் நான் பேனாவால் சேர்க்கச் சொன்னவை மூன்று. தட்டு முழுக் கொடையா, எண்ணிமப் படி எடுத்துத் திருப்பித் தருவதா என்பது ஒன்று. குடும்பத்துக்கு ஒரு படி என்பது இன்னொன்று. அந்தக் காப்பகம் மூடினால் தட்டு யாரிடம் போகும் என்பது மூன்றாவது, அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

தட்டு உங்களுடையது என்பதால் பாட்டும் உங்களுடையது ஆகிவிடாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, இயற்றியவரின் உரிமை அவர் காலமும் அதன்பின் 70 வருடமும், ஒலிப்பதிவுத் தயாரிப்பாளரின் உரிமை வெளியிட்டதிலிருந்து 50 வருடமும் நிற்கும். ஆகவே கடைத் தட்டைப் பற்றிக் காப்பகம் முடிவு செய்யட்டும். வீட்டுப் பதிவு என்றால் பாடியவர்களின் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டுக் கையெழுத்து வாங்குங்கள். எங்கள் கூத்துத் தட்டுக்கு நான்கு வீட்டில் வாங்கினேன். ஒரு வீட்டார் இணையத்தில் போடவேண்டாம், காப்பகத்தில் வந்து கேட்கலாம் என்றார்கள். அப்படியே எழுதினோம்.

கொண்டுபோகும்போது தபாலை நம்பாதீர்கள். ஒவ்வொரு தட்டும் தனி உறையில், தட்டைவிடப் பெரிய அட்டைகளுக்கு நடுவே, நிமிர்ந்தபடி. பெட்டிக்குள் பெட்டி, நடுவில் பழைய துணி. 23 தட்டும் ஐந்து கிலோ அளவில்தான் இருந்தன, ரயிலில் மடியில் வைத்தே கொழும்புக்குப் போனேன்.

பின்சேர்க்கை: உடைந்த தட்டைப் பசை போட்டு ஒட்டலாமா என்று பண்டாரவளையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். ஒட்டவேண்டாம், ஒட்டுநாடாவும் வேண்டாம். துண்டுகளின் விளிம்புகள் உரசாமல், அட்டையில் தனித்தனியே படுக்க வைத்துக் கொடுங்கள், சின்னச் சில்லு உட்பட. ஊசி தொடாமல் வரியைப் படமெடுத்து ஒலியாக்கும் முறை அமெரிக்காவில் இருக்கிறது, லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் உருவானது. விளிம்பு பசையில் மூடிப்போனால் அதற்கும் வழியிருக்காது.

இன்னொன்று: நான் ஸ்பிரிட்டால் தேய்த்த தட்டையும் எடுத்துக்கொண்டார்கள். அதன் பின்பக்கம் நன்றாகவே ஒலிக்கிறது.