மேலே Saved as draft, கீழே 34%: யூடியூப் ஸ்டுடியோவில் புதியவர்கள் ஏமாறும் இடம்

சென்ற மாதம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, வீடியோ போட்டு ரெண்டு நாளாச்சு. ஒரு வ்யூ கூட வரல. சேனலையே முடக்கிட்டாங்களா?"

ஸ்டுடியோவைத் திறந்து Content பக்கத்தில் Visibility என்ற பத்திக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது, வாசி என்றேன். "Draft-னு இருக்கு மாமா." வெளியிடவே இல்லாத வீடியோவுக்கு இரண்டு நாளாக வ்யூஸ் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். சிரிக்க வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. இதே பக்கத்தில் நான் செய்த தவறு இதைவிடப் பெரியது.

மைக் வாங்குவது, தம்ப்நெயிலில் எழுத்தைப் பெரிதாக வைப்பது பற்றியெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அந்த ஒரு பக்கத்தில் வரும் ஒரு வரியை எப்படி வாசிப்பது என்பது மட்டும்தான்.

## ஒரு வரி, மூன்று சங்கதி

ஒரு வீடியோ மக்கள் கண்ணுக்குப் போக மூன்று வேலை முடிய வேண்டும். உங்கள் கணினியில் இருக்கும் கோப்பு முழுதாக அங்கே போய்ச் சேர வேண்டும். தலைப்பு, விவரம், குழந்தைகளுக்கானதா இல்லையா என்ற கேள்விக்குப் பதில் எல்லாம் நிரம்ப வேண்டும். யார் பார்க்கலாம் என்று தேர்ந்தெடுத்து, கடைசிப் பொத்தானை அழுத்த வேண்டும்.

முதல் வேலையே பாதியில் நின்றால் அது முடியாத அப்லோட். கோப்பு முழுதாகப் போய்ச் சேர்ந்து, கடைசிப் பொத்தான் மட்டும் பாக்கி என்றால் அது டிராஃப்ட். மூன்றும் முடிந்தால்தான் அந்தப் பத்தியில் Public, Unlisted, Private, Scheduled என்று ஏதாவது ஒன்று வரும்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், நீங்கள் கோப்பைத் தேர்ந்தெடுத்த சில நொடிகளிலேயே வீடியோவுக்கு ஒரு இணைப்பு கிடைத்துவிடுகிறது, Content பக்கத்தில் ஒரு வரியும் வந்துவிடுகிறது. கோப்பில் நூற்றில் ஒரு பங்குகூடப் போயிருக்காது. வரியைப் பார்த்தவர் வீடியோ வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

## கோப்பு போய்ச் சேரும் முன் மூலத்தை அழிப்பது

செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில் தெருக்கூத்து. இரவு பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை ஆடினார்கள். முழுவதையும் பிடித்தேன். அதில் ஒரு மணி நேரம் ஏழு நிமிடப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தேன், 1080p, சுமார் 6 ஜிபி. மறுநாள் மாலை வேறு ஊரில் இன்னொரு கூத்து. கையில் இருந்தது ஒரே ஒரு மெமரி கார்டு. மடிக்கணினியிலும் இடம் இல்லை.

இரவு, போன் ஹாட்ஸ்பாட்டில் அப்லோட் போட்டேன். கோப்பு போய்க்கொண்டிருக்கும்போதே தலைப்பு, விவரம், கூத்துக் கலைஞர்கள் பெயர் என்று எல்லாவற்றையும் பொறுமையாகத் தட்டினேன். அந்தப் பெட்டியின் மேல் மூலையில் Saved as draft என்று வந்தது. சேமித்தாகிவிட்டது, காலையில் எழுந்து வெளியிடலாம் என்று மடிக்கணினியை மூடிவிட்டுப் படுத்தேன். அதே பெட்டியின் கீழே Uploading 34% என்று இருந்ததையும் பார்த்தேன் என்பதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல். பார்த்தேன். இரண்டும் ஒரே விஷயத்தைச் சொல்வதாக நினைத்தேன்.

சொல்லவில்லை. மேலே இருக்கும் வாசகம் நீங்கள் தட்டிய எழுத்துகளைப் பற்றியது. கீழே இருக்கும் வரிதான் கோப்பைப் பற்றியது. தலைப்பும் விவரமும் சேமிக்கப்பட்டிருந்தன, வீடியோவில் மூன்றில் இரண்டு பங்கு இன்னும் என் மடிக்கணினியில்தான் இருந்தது. மூடியதும் கணினி தூங்கப் போனது, அப்லோட் நின்றது. தாவலை மூடப் போனால் பிரவுசராவது "வெளியேறட்டுமா" என்று ஒரு வார்த்தை கேட்கும். மூடியைச் சாத்தினால் யாரும் எதையும் கேட்பதில்லை.

கணக்குப் போட்டிருந்தால் அன்றே புரிந்திருக்கும். 6 ஜிபி என்பது சுமார் 48,000 மெகாபிட். அந்த ஹாட்ஸ்பாட்டில் மேலே ஏறும் வேகம் நொடிக்கு 5 மெகாபிட்தான். 48,000-ஐ 5-ஆல் வகுத்தால் 9,600 நொடி, அதாவது இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம். நான் மூடியைச் சாத்தியது ஒரு மணி நேரம்கூட ஆகாதபோது. இறங்கும் வேகம் எவ்வளவு இருந்தாலும் இதற்கு உதவாது. வேகம் சோதிக்கும் தளங்களில் இரண்டாவதாக வரும் ஏற்ற வேகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

காலையில் எழுந்து போனில் ஸ்டுடியோவைத் திறந்தேன். தலைப்போடு வரி இருந்தது. நிம்மதியாக கார்டை ஃபார்மட் செய்தேன். மடிக்கணினியைத் திறந்து, அடுத்த கூத்துக்கு இடம் வேண்டும் என்று வெட்டிய கோப்பையும் அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். மாலைக்குள் அந்த கார்டு மேல் புதிதாக நாலு மணி நேரம் பதிவாகிவிட்டது, மீட்டெடுக்கவும் வழி இல்லை.

ஒரு வாரம் கழித்து கூத்து வாத்தியார் போன் செய்தார். "தம்பி, நம்ம கூத்து எப்ப வரும்?" என்ன பதில் சொல்வது? அந்த ராத்திரியை அவர் மறுபடி ஆட முடியுமா?

## கோப்பு முழுதாகப் போயிற்றா என்று எப்படித் தெரிந்துகொள்வது

தலைப்பைப் பார்க்காதீர்கள், தலைப்பு நீங்கள் தட்டியது. Content பக்கத்தில் சிறுபடத்தைப் பாருங்கள். முழுதாக வந்து பதப்படுத்தப்பட்ட வீடியோவுக்கு அதன் ஓரத்தில் நேர அளவு இருக்கும். என் வீடியோவுக்கு 1:07 என்று தொடங்கும் எண் வந்திருக்க வேண்டும். வந்தது வெறும் சாம்பல் நிறப் பெட்டி.

அடுத்து Edit draft-ஐ அழுத்தி, உள்ளே இருக்கும் சிறு முன்னோட்டத்தில் வீடியோவை ஓடவிட்டு, கடைசி நிமிடத்துக்கு இழுத்துப் பாருங்கள். கடைசிக் காட்சி ஓடினால் கோப்பு அங்கே இருக்கிறது. முன்னோட்டமே வரவில்லை என்றால் மூலத்தில் கை வைக்காதீர்கள்.

பாதியில் நின்றுபோனது தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் ஸ்டுடியோவுக்குப் போய் அதே கோப்பை மறுபடி தேர்ந்தெடுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும். அதே கோப்பு என்றால் அதே கோப்புதான். எடிட்டிங் மென்பொருளில் மறுபடி எக்ஸ்போர்ட் செய்தால், கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தாலும் அது வேறு கோப்பு, முதலிலிருந்து ஏறும். அன்று காலை எனக்கு இந்த வசதியும் இருந்தது, அவகாசமும் இருந்தது. கோப்புதான் இல்லை.

இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: முழுதாகப் போய்ச் சேர்ந்த வீடியோவும் மூலத்துக்கு ஈடாகாது. ஸ்டுடியோவிலிருந்து உங்கள் வீடியோவை நீங்களே இறக்கிக்கொள்ளலாம், ஆனால் கிடைப்பது 720p அல்லது 360p எம்பி4. 4K-யில் பிடித்துவிட்டு இதை நம்பி மூலத்தை அழித்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

## 100% ஆன பிறகும் விடிய விடிய விழித்திருப்பது

இது எதிர்ப்பக்கத் தவறு. நான் சூடுபட்ட பிறகு பல மாதம் இப்படித்தான் இருந்தேன். கீழே Uploading போய் Processing என்று மாறிவிட்டால் உங்கள் பக்க வேலை முடிந்தது. மிச்சம் அவர்கள் சர்வரில் நடக்கிறது. தாவலை மூடலாம், கணினியை அணைக்கலாம்.

## தேதியை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டுப் போவது

அக்கா மகன் செய்தது இதுதான். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி என்று தேதியும் நேரமும் குறித்திருக்கிறான். வலது கீழ் மூலையில் இருக்கும் Schedule பொத்தானை அழுத்தாமல் மேலே இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி வெளியே வந்துவிட்டான். வெள்ளிக்கிழமை வந்தது, போனது, வீடியோ டிராஃப்டாகவே கிடந்தது. டிராஃப்டுக்கு நாள் நட்சத்திரம் தெரியாது.

பெட்டியை மூடிய பிறகு Visibility பத்தியில் Scheduled என்ற சொல்லும் தேதியும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த நேரம் வரும்வரை வீடியோ மற்றவர்களுக்குத் தெரியாது, அது சரிதான்.

Private என்று இருந்தால் அது டிராஃப்ட் இல்லை. எல்லாப் படியும் முடித்து, யாருக்கும் காட்ட வேண்டாம் என்று நீங்களே சொன்ன வீடியோ. அதற்கு Edit draft பொத்தான் வராது. Private என்ற சொல்லையே அழுத்தி Public என்று மாற்றிச் சேமித்தால் போதும்.

## இணைப்பை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்புவது

கிடைத்திருப்பது முகவரி, வீடு இன்னும் கட்டவில்லை.

## மங்கலாக இருக்கிறதே என்று அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவது

முதலில் 360p தான் வரும், HD பின்னால் வரும், பொறுங்கள்.

## ஒரே பெயரில் இரண்டு வரி

பயந்துபோய் ஒரே கோப்பை இரண்டு முறை ஏற்றியவர்களுக்கு ஒரே தலைப்பில் இரண்டு வரி நிற்கும். ஒன்று முழுசு, ஒன்று பாதி. தேதியை வைத்து முடிவு செய்யாதீர்கள், நேர அளவு இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததை அழியுங்கள். ஸ்டுடியோவில் அழித்தது திரும்பி வராது.

## ஷார்ட்ஸ் டிராஃப்டையும் இதையும் ஒன்றாக நினைப்பது

பெயர்தான் ஒன்று. போனில் யூடியூப் செயலியில் ஷார்ட்ஸ் எடுத்து, வெளியிடாமல் டிராஃப்டாக வைத்தால் அது அந்தப் போனுக்குள் மட்டும் இருக்கிறது. கணினியில் ஸ்டுடியோவைத் திறந்து எவ்வளவு தேடினாலும் வராது. அதே கணக்கில் வேறு போனில் நுழைந்தாலும் வராது. செயலியை நீக்கினால் அதோடு போய்விடும்.

எங்கள் தெருவில் மாலை கட்டும் அக்கா ஒருவர் பதினோரு ஷார்ட்ஸ் எடுத்து இப்படி வைத்திருந்தார். போனில் இடம் போதவில்லை என்று கடைக்காரப் பையனிடம் கொடுத்தார். அவன் செயலியை நீக்கிவிட்டு மறுபடி போட்டுக் கொடுத்தான். கணக்கு இருந்தது, சேனல் இருந்தது, டிராஃப்ட் ஒன்றும் இல்லை. இப்போது அவர் எடுத்த உடனே Private-ஆக ஏற்றிவிடுகிறார், வேண்டிய நாளில் Public ஆக்குகிறார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவரே கண்டுபிடித்தது.