3.3உம் 2.5உம் ஒன்றாகிவிடுமா? ஸ்லைடில் எண்களைச் சுருக்கும்போது நேரும் தவறுகள்

தமிழ்மொழி விழா நெருங்கினால் சிங்கப்பூரில் பல மேடைகளிலும் ஒரே புள்ளிவிவரம் திரையில் வரும். வீட்டில் ஆக அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. சிறிய எண்கள்தாம், ஆனால் ஸ்லைடில் நேரும் முக்கியமான தவறுகள் எல்லாம் இவற்றிலேயே நேர்ந்துவிடும்.

பார்வையாளர் சட்டென்று படிக்கட்டும் என்று தசமத்தை நீக்கிப் பாருங்கள். 3.3 என்பது 3 ஆகும். 2.5ஐயும் பள்ளியில் படித்த முறைப்படி மேலே ஏற்றினால் 3 ஆகும். பத்தாண்டுகளில் நடந்த மாற்றம் ஸ்லைடிலிருந்து காணாமல் போய்விட்டது. யாரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் ஸ்லைடு பொய் சொல்கிறது. எத்தனை தசம இடம் வேண்டும் என்பதை எண்ணின் அளவைப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது, நாம் காட்ட வந்த வித்தியாசத்தைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். வித்தியாசம் 0.8 என்றால் ஒரு தசம இடம் கட்டாயம். அதே கணக்கெடுப்பில் ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3க்கு உயர்ந்தது. அதை மட்டும் சொல்வதானால் 32, 48 போதும். இரண்டு மொழிகளையும் ஒரே அட்டவணையில் வைத்தால், சிறிய எண்ணுக்குத் தேவையான தசமத்தை எல்லாவற்றுக்கும் கொடுங்கள்.

இன்னொரு சிக்கல், 2.5ஐ எல்லா மென்பொருளும் ஒரே மாதிரி முழுமையாக்குவதில்லை.

```
Excel:   =ROUND(2.5,0)   → 3
Python:  round(2.5)      → 2
```

எக்செல் பாதியை மேலே ஏற்றும். பைத்தான் அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும். ஆகவே ஒருவர் எக்செலிலும் மற்றவர் பைத்தானிலும் தயாரித்த ஸ்லைடுகள் முரண்படலாம். இதைவிட ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. 2.5 என்பதே ஏற்கெனவே சுருக்கப்பட்ட எண். அசல் மதிப்பு 2.45க்கும் 2.55க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். அது 2.47 ஆக இருந்தால் சரியான முழு எண் 2, 2.52 ஆக இருந்தால் 3. சுருக்கிய எண்ணை மறுபடி சுருக்கினால் இது தெரியாமல் போகும். முழு எண் வேண்டுமென்றால் மூல எண்ணிக்கையிலிருந்து நேரடியாகக் கணக்கிடுங்கள். அது கையில் இல்லையென்றால் 2.5ஐ அப்படியே விடுங்கள்.

எதிர்ப்பக்கத்துத் தவறு, இல்லாத துல்லியத்தைக் காட்டுவது. 0.8ஐ 3.3ஆல் வகுத்து, “24.24% சரிவு” என்று எழுதுவார்கள். இரண்டு எண்களும் சுருக்கப்பட்டவை என்பதைக் கணக்கில் எடுத்தால், உண்மையான சரிவு சுமார் 21.5 முதல் 27 விழுக்காடு வரை எதுவாகவும் இருக்கலாம். எனவே “ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது” என்பதே நேர்மையானது. கேட்பவர் மனத்தில் நிற்பதும் அதுதான்.

“0.8 விழுக்காடு குறைந்தது” என்றும் எழுதாதீர்கள். அது 3.3இல் 0.8 விழுக்காடு என்று பொருள்படும், அதாவது மாற்றமே இல்லாததுபோல. சரியான சொல் 0.8 விழுக்காட்டுப் புள்ளி. இதைப் பங்குக் கணக்கோடு சேர்த்துச் சொல்வது நல்லது. நான்கில் ஒரு பங்கு என்று மட்டும் சொன்னால் அச்சமூட்டும், 0.8 புள்ளி என்று மட்டும் சொன்னால் அலட்சியம் வரும்.

கூட்டுத்தொகையைப் பற்றி ஒரு வார்த்தை. 2010இன் பங்குகளை முழு எண்ணாக்கினால் ஆங்கிலம் 32, மாண்டரின் 36, சீனக் கிளைமொழிகள் 14, மலாய் 12, தமிழ் 3, மற்றவை 2. மொத்தம் 99. நூறாக்குவதற்காக எதிலும் ஒன்றைக் கூட்டாதீர்கள். “முழுமையாக்கியதால் கூட்டுத்தொகை 100 ஆகாமல் இருக்கலாம்” என்று கீழே ஒரு வரி போதும்.

எண்ணைவிட அதிகம் கவனிக்கப்படாதது அதன் பெயர்ச்சீட்டு. “தமிழ் பேசுவோர் 2.5%” என்று போட்டால் மூன்று இடத்தில் தவறு. இந்த விழுக்காடு ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்கள், நிரந்தரவாசிகளுக்கு மட்டும் உரியது; வேலை அனுமதியில் இங்கிருக்கும் தமிழ் ஊழியர்கள் இதில் இல்லை. கேட்கப்பட்டது வீட்டில் பேசும் மொழி. அதிலும் ஆக அதிகமாகப் பேசும் மொழி மட்டுமே. ஆங்கிலத்தை முதலில் வைத்துத் தமிழையும் பேசும் வீடுகள் ஆங்கிலக் கணக்கில் சேர்கின்றன. எல்லாரையும் விட்டு இந்தியர்களை மட்டும் அடிப்படையாக எடுத்துக் கணக்கிட்டாலும் எண் முற்றிலும் மாறிவிடும் என்பதால், எவரில் இத்தனை விழுக்காடு என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், ஸ்லைடைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது உங்கள் குரல் கூடப் போவதில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்தால் ஸ்லைடு இப்படி அமையும்.

வீட்டில் முதன்மையாகத் தமிழ் பேசுவோரின் பங்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது
2010: 3.3% → 2020: 2.5% (0.8 விழுக்காட்டுப் புள்ளி குறைவு)
*5 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்கள், நிரந்தரவாசிகளில். வீட்டில் ஆக அதிகமாகப் பேசும் மொழி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2010, 2020.*

பட்டை வரைபடம் சேர்த்தால் அச்சு பூஜ்யத்திலிருந்து தொடங்கட்டும். 2இல் தொடங்கினால் 2010இன் பட்டை 2020இன் பட்டையைவிட இரண்டரை மடங்குக்கு மேல் உயரமாகத் தெரியும். எண்ணைப் பட்டையின் தலையிலேயே எழுதிவிட்டால் அச்சுக்கோட்டின் எண்களும் கட்டக்கோடுகளும் தேவைப்படாது.