புதுக் காருக்கு முன்பணம் கட்டும் முன்: லோன் கிடைக்காவிட்டால் அது திரும்ப வருமா?

புது நாட்டுக்கு வந்து சில மாதங்களில் கார் வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்குள் நான் போகவில்லை. ஷோரூமில் புக்கிங் தொகை கட்டிய பிறகு ஆர்டரை ரத்து செய்ய நேர்ந்தால் அந்தப் பணம் என்னவாகும், அதற்கு எதையெல்லாம் முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும் என்பது மட்டும்தான் பேச்சு.

புதிதாக வந்தவர்கள் ஆர்டரை ரத்து செய்வது பெரும்பாலும் மனம் மாறியதால் அல்ல. லோன் கிடைக்காது, அதுதான் காரணம். ஊரில் பத்து வருடம் ஒழுங்காகத் தவணை கட்டியிருப்பீர்கள். அந்தக் கணக்கு எதுவும் இங்குள்ள வங்கிக்குத் தெரியாது. கடன் வரலாறே இல்லாதவர் என்றுதான் உங்களைப் பார்ப்பார்கள். விசா இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது, வேலையில் தகுதிகாண் காலம் முடிந்ததா என்றும் பார்ப்பார்கள். சம்பளம் நன்றாக இருந்தும் லோன் மறுக்கப்படுவது சாதாரணமாக நடக்கிறது. ஆனால் ஷோரூமில் முதலில் கார், பிறகு முன்பணம், அப்புறம்தான் லோன் என்ற வரிசையில் வேலை போகும். அந்த இடைவெளியில்தான் பணம் மாட்டிக்கொள்கிறது.

என் தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன். எண்களை மட்டும் தருகிறேன், நாணயம் எதுவானாலும் கணக்கு அதே கணக்குதான். காரின் விலை 30,000. முன்பணம் 1,500. வந்து நான்காவது மாதம். 24,000 லோன், ஐந்து வருடத் தவணை, வட்டி 7 சதவீத அளவில் இருக்கும் என்று விற்பனையாளர் சொன்னார். மாதம் சுமார் 475. "லோன் வரலேன்னா முன்பணம் அப்படியே திரும்ப வந்துடும், கவலைப்படாதீங்க" என்றும் சொன்னார். தம்பி ஆர்டர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான்.

பத்து நாளில் வங்கி மறுத்துவிட்டது. பணத்தைக் கேட்கப் போனபோது ஷோரூமின் கடன் பிரிவில் இன்னொரு நிறுவனத்தின் லோனை எடுத்து வைத்தார்கள். வட்டி 14 சதவீதம், மாதத் தவணை சுமார் 558. ஐந்து வருடத்தில் கிட்டத்தட்ட 5,000 கூடுதல். வேண்டாம் என்றான். "லோன் கிடைத்துவிட்டதே, நீங்கள்தான் வேண்டாம் என்கிறீர்கள், அதனால் இது நீங்களாகச் செய்யும் ரத்து, முன்பணம் திரும்பாது" என்றார்கள்.

படிவத்தை எடுத்துப் பார்த்தோம். லோன் பற்றிய கட்டம் காலியாக இருந்தது. கீழே சின்ன எழுத்தில், இந்தத் தாளில் எழுதியிருப்பது மட்டுமே ஒப்பந்தம், வாய்மொழியாகச் சொன்ன எதுவும் செல்லாது என்று ஒரு வரி. கார் ஆர்டர் படிவங்களில் இந்த வரி இல்லாதது அபூர்வம். விற்பனையாளர் நல்ல மனதோடு சொல்லியிருந்தாலும் அந்த வரிக்கு முன்னால் அவர் பேச்சு நிற்காது.

அதனால் லோன் நிபந்தனையைப் படிவத்திலேயே எழுத வைக்க வேண்டும். "லோன் கிடைத்தால்" என்று இரண்டு சொல்லில் எழுதினால் போதாது. எந்த வட்டியில் கிடைத்தாலும் நிபந்தனை நிறைவேறிவிட்டது என்று அவர்கள் சொல்ல இடம் இருக்கிறது, தம்பிக்கு நடந்தது அதுதான். லோன் தொகை, அதிகபட்ச வட்டி, தவணைக் காலம், எந்தத் தேதிக்குள் என்ற நான்கும் இருக்க வேண்டும். இந்தப் பொருள் வரும்படி அந்த நாட்டு மொழியில் எழுதச் சொல்லுங்கள்: "வாங்குபவருக்கு 24,000 லோன், 60 மாதத் தவணையில், ஆண்டு வட்டி 8 சதவீதத்துக்கு மேற்படாமல், இன்ன தேதிக்குள் அனுமதிக்கப்படாவிட்டால் இந்த ஆர்டர் ரத்தாகும். முன்பணம் 1,500 முழுவதும், எந்தப் பிடித்தமும் இல்லாமல், 10 வேலை நாட்களுக்குள் பணம் கட்டிய அதே வழியில் திருப்பித் தரப்படும்." பெரும்பாலான படிவங்களில் சிறப்பு நிபந்தனைகள் என்று ஒரு காலிக் கட்டம் இருக்கும். அங்கே கையால் எழுதி, பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். அவர்கள் தரப்புக் கையெழுத்து மேலாளருடையதாக இருக்கட்டும். விற்பனையாளருக்கு ஒப்பந்தத்தை மாற்றும் அதிகாரம் இல்லை என்று பிறகு சொல்ல வழி வைக்கக் கூடாது.

எழுத மறுத்தால்? பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள். வங்கியில் முன் அனுமதி வாங்கிய பிறகு திரும்பப் போனால் போகிறது. அவசரப்படுத்துகிற ஷோரூமை விட ஒரு வாரம் தாமதமாகும் கார் மேல்.

அடுத்தது, நீங்கள் கட்டுகிற பணத்துக்கு என்ன பெயர் என்று கவனியுங்கள். நம் பேச்சில் எல்லாமே அட்வான்ஸ்தான். அங்கே இரண்டு விதம் உண்டு. ஒன்று, காரை உங்களுக்காக நிறுத்தி வைக்க, அல்லது வரிசையில் இடம் பிடிக்கக் கட்டும் சிறு தொகை. இதில் வாங்குகிற கடமை இன்னும் வரவில்லை, பெரும்பாலும் முழுவதும் திரும்பும். மற்றொன்று, வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுக் கட்டும் முன்பணம். இதற்குப் பிறகு பின்வாங்குவது ஒப்பந்தத்தை மீறுவது. முதல் வகையில் கட்டிய பணம் ஏதோ ஒரு கட்டத்தில் சத்தமில்லாமல் இரண்டாம் வகைக்கு மாறிவிடும். ஆர்டரை உறுதிசெய்யச் சொல்லி வரும் மின்னஞ்சலில் ஒரு பொத்தானை அழுத்துவது, நிறமும் உள்ளலங்காரமும் முடிவாவது, காரின் அடையாள எண் உங்கள் பெயருக்கு ஒதுக்கப்படுவது, இப்படி. எந்தக் கட்டம் வரை முழுப் பணமும் திரும்பும் என்று கேட்டு, அதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். பணம் ஷோரூமிடம் இருக்கிறதா, தயாரிப்பு நிறுவனத்திடம் போய்விட்டதா என்பதும் ரசீதில் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் ரத்து செய்யும்போது ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்கள்.

வாங்கிய பொருளைச் சில நாட்களுக்குள் திருப்பலாம் என்று எல்லா நாட்டிலும் சட்டம் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். கார் விஷயத்தில் அந்த நம்பிக்கை ஆபத்து. அமெரிக்காவில் மூன்று நாள் ரத்து உரிமை என்று பேசப்படும் கூட்டரசு விதி ஷோரூமில் வாங்கும் காருக்குப் பொருந்தாது. கனடாவின் ஒன்டாரியோவில் டீலரிடம் கையெழுத்திட்ட பிறகு அப்படி ஒரு அவகாசமே கிடையாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் மூன்று வேலை நாள் உண்டு, ஆனால் டீலர் ஒரு தொகையைப் பிடித்துக்கொள்ளலாம். பிரிட்டனில் ஷோரூமுக்குப் போகாமல் முழுக்க ஆன்லைனில் வாங்கினால் கார் கைக்கு வந்து 14 நாள் வரை ரத்து செய்யலாம், உங்களுக்கென்றே தனியாகச் செய்த பொருள் என்றால் அது பொருந்தாது. ஷோரூமில் உட்கார்ந்து கையெழுத்திட்டவருக்கும் அந்த 14 நாள் இல்லை.

முன்பணம் போனால் போகட்டும், அத்தோடு முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். சில ஒப்பந்தங்களில் ரத்து இழப்பீடு முன்பணத்தோடு நிற்காது. ஜெர்மனியில் புதுக் கார் விற்பனை நிபந்தனைகளில் விலையில் 15 சதவீதம் இழப்பீடு என்று எழுதியிருப்பது வழக்கம். 30,000 காருக்கு அது 4,500. டீலரின் உண்மையான இழப்பு அதைவிடக் குறைவு என்று வாங்குபவர் நிரூபிக்க அங்கே இடம் உண்டு. பல நாடுகளில் அடிப்படை இதுதான்: டீலருக்கு நேர்ந்த இழப்புக்குத்தான் பிடித்தம். எல்லோரும் கேட்கும் வெள்ளை நிறக் காரை மறுநாளே வேறொருவருக்கு விற்றுவிட்டால் இழப்பு சொற்பம். உங்களுக்காக மட்டும் வரவழைத்த அபூர்வ நிறம் என்றால் கதை வேறு. அதனால் ரத்து செய்த பிறகும் அதே கார் அவர்களுடைய தளத்தில் விற்பனைக்கு இருக்கிறதா, எப்போது மறைகிறது என்று பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிடித்தம் எவ்வளவு என்று பேரம் பேச அது உதவும்.

டெலிவரி தேதியையும் ஒரு வரி கேட்டு வாங்குங்கள். "சுமார்", "எதிர்பார்க்கப்படும்" என்று அச்சிட்டிருந்தால் கார் எத்தனை மாதம் தாமதமானாலும் அவர்கள் தவறில்லை என்று ஆகிவிடும். குறிப்பிட்ட ஒரு தேதிக்குள் வராவிட்டால் முழு முன்பணத்தோடு விலகலாம் என்று அதே சிறப்புக் கட்டத்தில் சேர்க்கலாம். விசா புதுப்பிக்கும் காலம் நெருங்கியவர்களுக்கு இது முக்கியம்.

இனி ரத்து செய்யும் விதம். போனில் சொல்லி விடாதீர்கள். சொன்ன நாள் எது என்று பிறகு யாருக்கும் நினைவிருக்காது, லோன் நிபந்தனைக்கோ கடைசித் தேதி இருக்கிறது. ஆர்டர் எண், முன்பணத் தொகை, எந்த நிபந்தனையின்படி ரத்து, பணம் எந்த வழியில் வர வேண்டும் என்று நான்கைந்து வரியில் மின்னஞ்சல் எழுதுங்கள். விற்பனையாளரோடு மேலாளருக்கும் அனுப்புங்கள். வங்கி மறுத்த கடிதத்தை இணையுங்கள். "எனக்கு இந்தக் கார் வேண்டாம்" என்று மட்டும் எழுதக் கூடாது, அது நீங்களாகச் செய்யும் ரத்து என்று படிக்கப்படும். "லோன் அனுமதிக்கப்படாததால் ஒப்பந்தத்தின் நிபந்தனைப்படி" என்று எழுதுங்கள். முன்பணத்தை அட்டையில் கட்டியிருந்தால், பணம் தர வேண்டிய நாள் தாண்டியதும் அட்டை வங்கியில் புகார் கொடுக்க முடியும். அவர்கள் முதலில் கேட்பது திருப்பித் தருவதாக எழுதிய தாளைத்தான். ரொக்கமாகக் கட்டியவருக்கு இந்த வழி இல்லை.

தம்பி விஷயத்தில் ஒப்பந்தத்தில் எதுவும் இல்லை. ஆனால் கையெழுத்துப் போட்ட அன்று இரவு அவன் விற்பனையாளருக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தான்: லோன் 7 சதவீதத்தில் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்று சொன்னீர்கள், சரிதானே? "ஆமாம் சார்" என்று பதில் வந்திருந்தது. அந்த ஒரு பதிலை அச்செடுத்து மேலாளர் மேசையில் வைத்தோம். ஒப்பந்தத்தில் இல்லை என்றுதான் அவர் தொடங்கினார். கடைசியில் 300 நிர்வாகக் கட்டணம் என்று கழித்துக்கொண்டு 1,200 தர ஒப்புக்கொண்டார். அதையும் தேதி போட்டு எழுதித் தரச் சொன்னோம். பன்னிரண்டாம் நாள் பணம் அட்டைக்கு வந்தது. அசல் ரசீதை அதுவரை தம்பி கையில்தான் வைத்திருந்தான்.