நண்பனுக்கு பிரேக்அப்: நாம் வழக்கமாகச் சொதப்பும் இடங்கள்

இருவருமே நமக்கு நண்பர்கள் என்றால்தான் இது பெரிய தலைவலி. கல்லூரியிலிருந்து ஒரே கூட்டம், ஒரே வாட்ஸப் குரூப், அதில் நான்கு வருடமாகக் காதலித்த இருவர். ஒருநாள் அவள், "வீட்ல மாப்பிள்ளை பார்த்துட்டாங்க, இதுக்கு மேல என்னால போராட முடியாது" என்று சொல்லி முடித்துவிடுகிறாள். அன்று ராத்திரி பதினோரு மணிக்கு அவன் உங்களுக்கு போன் பண்ணுகிறான்.

நம்மில் பாதிப் பேர் உடனே சொல்வது, "விடு மச்சி, இவ இல்லன்னா இன்னொருத்தி." நல்ல மனசோடுதான் சொல்கிறோம், ஆனால் அவன் காதில் விழுவது "இதுக்கெல்லாமா அழுவ?" என்பதுதான். "கல்யாணத்துக்கு அப்புறம் ஆகாம இப்பவே ஆச்சே", "டைம் எல்லாத்தையும் சரி பண்ணிடும்" எல்லாம் இதே ரகம். 2011இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. விருப்பமில்லாமல் பிரிய நேர்ந்தவர்களிடம் முன்னாள் காதலரின் படத்தைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். கையில் சூடு வைக்கும்போது இயங்குகிற சில பகுதிகள் அப்போதும் இயங்கின. வலிக்கிறது என்று அவன் சொன்னால் வலிக்கிறது, அவ்வளவுதான். "கேக்கவே கஷ்டமா இருக்குடா. சாப்பிட்டியா? நான் வரவா?" இந்த மூன்றும் போதும். அதற்கப்புறம் அவன் பேசட்டும், சொன்னதையே பத்து தடவை சொன்னாலும் பரவாயில்லை.

அடுத்த தவறு, அவளைத் திட்டுவது. "அவ அப்படிப்பட்டவதான், எனக்கு அப்பவே தெரியும்" என்று ஒருவர் ஆரம்பித்தால் கூட்டமே சேர்ந்துகொள்ளும். அந்த நேரத்துக்கு அவனுக்கு அது இதமாகத்தான் இருக்கும், ஆனால் மறுநாள் காலையில் அவன் இன்னும் அவளை நேசித்துக்கொண்டுதான் இருப்பான், அப்போது நீங்கள் திட்டியது அவனையே திட்டியது மாதிரி ஆகிவிடும். இரண்டு மாதத்தில் அவர்கள் மறுபடி சேர்ந்துவிட்டால் (சேருவார்கள், பார்த்திருக்கிறோம்) நீங்கள் சொன்னது அவளுக்குப் போயிருக்கும், வில்லன் நீங்கள்தான்.

ஆனால் அவன் விட மாட்டான், "அவ பண்ணது சரியா, நீயே சொல்லு" என்று கேட்பான். பதில் சொல்லாமல் மழுப்பினால் அதையே கட்சி மாறியதாக எடுத்துக்கொள்வான். "உனக்கு எவ்வளவு வலிக்குதுன்னு தெரியுதுடா. அவ அவ வீட்ல என்ன பட்டான்னு எனக்குத் தெரியாது, அதனால தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனா உன்கூட இருக்கேன்" என்று நேராகச் சொல்லிவிடலாம். கொஞ்சம் கோபப்படுவான். படட்டும்.

இதையெல்லாம் விட மோசமானது தூது. "அவ என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாளா?" என்பான். அவளும் அந்தப் பக்கம், "அவன் ஒழுங்கா சாப்பிடுறானா?" என்பாள். பாவமாக இருக்கும், ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் என்ன என்று தோன்றும். அனுப்பாதீர்கள். அவள் அக்கறையில் கேட்ட ஒரு வரியை அவன் "திரும்பி வரப் போறா" என்று படித்துக்கொண்டு இன்னும் ஒரு மாதம் காத்திருப்பான். முதல் வாரத்திலேயே இருவரிடமும் ஒரே வார்த்தையைச் சொல்லிவிடுங்கள்: "நான் ரெண்டு பேர்கிட்டயும் பேசுவேன், இங்க கேட்டது அங்க போகாது." டூர் பிளான் போட்டால், ஒருவரை விட்டுவிட்டு ரகசியமாகப் புது குரூப் தொடங்காமல் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள்.

நடுநிலை ஒரு எல்லை வரைதான். அவள் வீட்டு வாசலில் போய் நிற்கிறான், பிளாக் செய்த பிறகும் வேறு வேறு நம்பரிலிருந்து கூப்பிடுகிறான், பழைய போட்டோவை வெளியே விடுவேன் என்கிறான் என்றால் அது சோகம் இல்லை, குற்றம். அங்கே அவனைத் தடுப்பதுதான் நட்பு. அடி, மிரட்டல் இருந்த உறவென்றால் "ரெண்டு பக்கமும் தப்பு இருக்கும்" என்ற பேச்சே வேண்டாம். பெண்களுக்கான உதவி எண் 181.

இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்லை, சாப்பாடில்லை, வேலைக்குப் போகவில்லை, "நான் இல்லன்னா எல்லாருக்கும் நிம்மதி" மாதிரி பேச்சு வருகிறது என்றால் சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், "சரக்கடிச்சா மறந்துடும்" என்று பாட்டிலை எடுக்கவே எடுக்காதீர்கள். மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416க்கு அவன் பக்கத்தில் உட்கார்ந்தே போன் போடுங்கள், தமிழிலேயே பேசலாம்.

முதல் வாரம் எல்லோரும் வருவார்கள், அப்புறம் யாரும் இருக்க மாட்டார்கள். அவள் கல்யாணப் பத்திரிகை குரூப்பில் வந்து விழுவது மூன்றாவது மாதமோ நான்காவது மாதமோதான். அது வருவதற்கு முன்பே அவனுக்கு நேரில் சொல்லிவிடுங்கள். நீங்கள் கல்யாணத்துக்குப் போவதாக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், போட்டோவை மட்டும் ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.