"அவர் இதை எப்படிப் பார்க்கிறார்?" என்று கேட்டுப் பாருங்கள்

மும்பை மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடம், கீழ்வீட்டுச் சீலிங் ஒழுகுகிறது, மேல்வீட்டுக்காரர் பாத்ரூம் தரையை உடைக்க விடவில்லை. சமரசம் பேச உட்காரும்போது "உங்கள் பிரச்சினை என்ன?" என்று கேட்டால் பழைய புலம்பல்தான் வரும். கீழ்வீட்டு மாமியிடம், "மேல்வீட்டு சார் இதை எப்படிப் பார்க்கிறார் என்று நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். "திமிர்!" என்பார். அது வசவு, பதில் இல்லை. "சரி, ராத்திரி அவர் மனைவியிடம் இதை எப்படிச் சொல்வார்?" என்று விடாமல் கேட்டால், கொஞ்சம் யோசித்து, "உடைச்சா செலவு முழுக்க நம்ம தலையில கட்டிடுவாங்கன்னு சொல்வார்" என்று வரும். உடனே சாரிடம் திரும்பி, இதில் எது சரி, எது விட்டுப்போனது என்று கேளுங்கள். அப்புறம் அதே கேள்வி அவருக்கும். ஒருவர் மற்றவருக்குப் பயந்து, அவருக்குப் பிடித்த பதிலாகச் சொல்கிறார் என்று தெரிந்தால் மட்டும் தனித்தனியாகக் கேட்பதே நல்லது.