நிதி ஆய்வாளர் ரெஸ்யூமில் முன்கணிப்புத் துல்லியத்தை எழுதும் முறை

நிதி ஆய்வாளர் வேலைக்கு வரும் ரெஸ்யூம்களில் "97 சதவீதத் துல்லியத்துடன் முன்கணிப்பு செய்தேன்" என்ற வரியை அடிக்கடி பார்க்கலாம். நேர்காணல் நடத்துபவர் இந்தத் துறையில் பழகியவராக இருந்தால், எத்தனை மாதங்களுக்கு முன்பே கணித்தீர்கள், மொத்த விற்பனையையா அல்லது ஒவ்வொரு பிரிவையும் தனித்தனியாகவா, பிழையை எப்படி அளந்தீர்கள் என்ற மூன்று கேள்விகளை உடனே கேட்பார். இவற்றுக்கு விடை இல்லையென்றால் அந்த வரி மட்டுமல்லாமல், அதற்கு மேலும் கீழும் உள்ள வரிகளும் நம்பிக்கையை இழந்துவிடும். ஆகவே ரெஸ்யூமை இந்த எண்ணிலிருந்தே எழுதத் தொடங்குவது நல்லது. இதைச் சரியாகக் கணக்கிட்டுவிட்டால், மாடல், அறிக்கை, எக்செல் திறன் ஆகியவற்றைப் பற்றிய வரிகள் இதையொட்டியே அமைந்துவிடும்.

படி 1: பழைய முன்கணிப்பை, அது வெளியான வடிவிலேயே எடுங்கள்

பெரும்பாலான மாடல்களில் ஒரு மாதம் முடிந்தவுடன் முன்கணிப்பு எண்ணின் மேலேயே உண்மையான எண்ணை எழுதிவிடுவார்கள். அடுத்த மாதங்களுக்கான எண்களும் அப்போதே திருத்தப்படும். இப்படித் திருத்தப்பட்ட கோப்பிலிருந்து துல்லியத்தைக் கணக்கிட்டால், விடை தெரிந்த பிறகு எழுதிய தேர்வுக்கு மதிப்பெண் போட்டதாகிவிடும். எனவே, மாதம் தொடங்கும் முன் நிர்வாகத்துக்கு அனுப்பிய அறிக்கையில் இருந்த எண்ணைத்தான் முன்கணிப்பாக எடுக்க வேண்டும். அது பழைய மின்னஞ்சல் இணைப்புகளிலோ, மாதவாரியாகச் சேமித்த கோப்புகளிலோ கிடைக்கலாம். எங்கும் இல்லையென்றால் துல்லிய வரியை இப்போது எழுதாமல், இந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு முன்கணிப்பையும் தேதியிட்டுத் தனித் தாளில் மதிப்புகளாக மட்டும் ஒட்டிச் சேமிக்கத் தொடங்குங்கள்.

படி 2: பிழையைக் கணக்கிடுங்கள்

புரிந்துகொள்வதற்கு எளிதாக, நான்கு மாதங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். ரெஸ்யூமில் எழுதுவதற்கு 12 மாதங்களாவது இருப்பது நல்லது; அதற்குக் குறைவாக இருந்தால் பருவகால ஏற்ற இறக்கம் கணக்கில் முழுமையாக வராது.

முன்கணிப்பு முறையே 210, 240, 180, 194. உண்மையான விற்பனை 200, 250, 160, 190. ஒவ்வொரு மாதத்தின் வித்தியாசமும் +10, −10, +20, +4. எக்செல்லில் முன்கணிப்பை B நெடுவரிசையிலும், உண்மை எண்ணை C நெடுவரிசையிலும் வைத்து, கீழுள்ள இரு சூத்திரங்களையும் தனித்தனிக் கட்டங்களில் இடுங்கள்.

```
=SUMPRODUCT(ABS(B2:B5-C2:C5))/SUM(C2:C5)
=(SUM(B2:B5)-SUM(C2:C5))/SUM(C2:C5)
```

முதல் சூத்திரம் கூட்டல் கழித்தல் குறிகளை நீக்கிவிட்டுப் பிழைகளைக் கூட்டி, மொத்த விற்பனையால் வகுக்கிறது: 44/800, அதாவது 5.5 சதவீதம். இரண்டாவது சூத்திரம் குறிகளை அப்படியே வைத்துக்கொள்கிறது: 24/800, அதாவது +3 சதவீதம்.

ரெஸ்யூம்களில் காணும் பெரும் பிழை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிகழ்கிறது. நான்கு மாதங்களின் கூட்டுத்தொகையான 824-ஐ 800-உடன் மட்டும் ஒப்பிடுபவர் "97 சதவீதத் துல்லியம்" என்று எழுதிவிடுவார். ஆனால் ஒரு மாதம் கூடுதலாகவும் இன்னொரு மாதம் குறைவாகவும் கணித்த பிழைகள் ஒன்றையொன்று அழித்ததால் கிடைத்த எண் அது. மாதவாரியாகப் பார்த்தால் துல்லியம் 94.5 சதவீதம்தான். 3 சதவீதம் என்ற எண்ணும் பயனற்றதல்ல. உங்கள் கணிப்பு மொத்தத்தில் சற்று மேலே நிற்கிறது என்ற சாய்வை அது காட்டுகிறது. அதைச் சாய்வு என்றே குறிப்பிட வேண்டும். துல்லியம் என்று சொல்லக் கூடாது.

மாதவாரிப் பிழைச் சதவீதங்களின் எளிய சராசரியை எடுப்பவர்களும் உண்டு. இந்த எண்களுக்கு அது ஏறத்தாழ 5.9 சதவீதம் வரும். விற்பனை மிகச் சிறிதாக இருந்த ஒரு மாதம்கூட இந்தச் சராசரியை வெகுவாக உயர்த்திவிடும் என்பதால், எடையிட்ட சராசரிப் பிழை எனப்படும் முதல் சூத்திரத்தின் முறையையே நான் பரிந்துரைக்கிறேன். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதன் பெயரைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

படி 3: ஒப்பிட ஓர் எளிய கணிப்பை வையுங்கள்

5.5 சதவீதப் பிழை நல்லதா என்பதை அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. மாதந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும் சந்தா வருவாய்க்கு அது மோசமான கணிப்பாகவும் இருக்கலாம். எனவே, "சென்ற மாத விற்பனையே இந்த மாதமும் வரும்" என்ற எளிய கணிப்பின் பிழையையும் கணக்கிடுங்கள். முந்தைய மாத விற்பனை 220 என்றால், இந்த எளிய கணிப்பு 220, 200, 250, 160 என்று அமையும். பிழைகளின் கூட்டுத்தொகை 190. விகிதம் சுமார் 24 சதவீதம். உங்கள் மாடல் அதை 5.5 சதவீதமாகக் குறைத்திருக்கிறது என்பதே நீங்கள் காட்ட வேண்டிய சாதனை. பருவகாலத் தன்மை வலுவாக உள்ள வணிகத்தில் சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுவது இன்னும் நியாயமானது.

படி 4: வரியை எழுதுங்கள்

போதுமான மாதங்களுக்கு இப்படிக் கணக்கிட்டு இதே எண்கள் கிடைத்ததாகக் கொண்டால், வரி இவ்வாறு அமையும்:

> விலை, விற்பனை அளவு, வாடிக்கையாளர் இழப்பு ஆகிய காரணிகளின் அடிப்படையில் மாத வருவாய் மாடலை உருவாக்கினேன். ஒரு மாதத்துக்கு முந்தைய முன்கணிப்பின் எடையிட்ட சராசரிப் பிழை 12 மாதங்களில் 5.5% (சென்ற மாத விற்பனையையே கணிப்பாகக் கொண்டால் 24%).

இதில் மாடலின் உள்ளீடுகள், கால இடைவெளி, அளவீடு, ஒப்பீடு ஆகிய நான்கும் இருக்கின்றன. நிறுவனத்தின் வருவாய்த் தொகை இல்லை. வெளியிடப்படாத தொகைகளை ரெஸ்யூமில் எழுதுவது இரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறுவதாக அமையக்கூடும். சதவீதத்திலிருந்தும் உண்மை நிலையை ஊகிக்க முடியும் என்றால் அதையும் தவிருங்கள்.

படி 5: அறிக்கையையும் எக்செல் திறனையும் அதனோடு இணையுங்கள்

"மாதாந்திர அறிக்கைகள் தயாரித்தேன்" என்பது படிப்பவருக்கு எதையும் தெரிவிப்பதில்லை. அந்த அறிக்கையை யார் படித்தார், அதைக் கொண்டு எதை முடிவு செய்தார் என்பதை எழுதுங்கள்: "பட்ஜெட்டுக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை விலையால் வந்தது, விற்பனை அளவால் வந்தது என்று பிரித்து நிதி இயக்குநருக்கு மாதந்தோறும் அளித்தேன், இரண்டு பொருள்களின் தள்ளுபடியைக் குறைக்கும் முடிவு இதன் அடிப்படையில் எடுக்கப்பட்டது." முடிவு எடுத்தவர் நிதி இயக்குநர்தான், ஆகவே அதை உங்கள் முடிவாக எழுதாதீர்கள்.

எக்செல் திறன்களைத் தனிப் பட்டியலாக அடுக்குவதைவிட, அவை பயன்பட்ட வேலையோடு சேர்த்து எழுதுவது வலுவானது. உதாரணமாக, "ஐந்து கிளைகளின் கோப்புகளை Power Query மூலம் இணைத்து, SUMIFS, XLOOKUP கொண்டு தினசரி வசூல் அறிக்கையை உருவாக்கினேன்" என்று எழுதலாம். விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருள் தேடும் சொற்களுக்காகக் கடைசியில் ஒரு குறுகிய திறன் வரி இருந்தால் போதும். நேர்காணலில் எக்செல்லைத் திறந்து செய்துகாட்டச் சொல்வது வழக்கம் என்பதால், கடந்த சில மாதங்களில் நீங்களே பயன்படுத்திய சார்புகளை மட்டும் அதில் சேர்க்கவும்.

இதுவரை வேலை அனுபவம் இல்லாதவர்களும் துல்லிய வரியை எழுத முடியும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளைக் கொண்டு, லாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, பணப்புழக்கம் ஆகிய மூன்றும் இணைந்த மாடலைக் கட்டுங்கள். இருப்புநிலையின் இருபுறமும் எல்லா ஆண்டுகளிலும் சமமாக இருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு வரி ஒன்றும் அதில் இருக்கட்டும். காலாண்டு முடிவுகள் வெளிவரும் முன் உங்கள் கணிப்பைத் தேதியிட்டுச் சேமித்து, வந்தபின் மேற்சொன்ன இரு சூத்திரங்களால் அளந்து பாருங்கள். அதனைச் "சொந்தப் பயிற்சித் திட்டம்" என்ற தலைப்பின் கீழ், எத்தனை காலாண்டுகளை அளந்தீர்கள் என்ற எண்ணிக்கையோடு எழுதுங்கள்.