ஒஃபர் லெட்டரில் 150,000 ரூபாய் என்றால், கைக்கு எவ்வளவு வரும்?

கொழும்பில் தனியார் கம்பனிகள் கொடுக்கும் வேலைக் கடிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருப்பதால், அவற்றை ஃபோனில் படம் பிடித்து, விவரம் தெரிந்த ஓர் உறவினருக்கு அனுப்பி விளக்கம் கேட்பது இங்கே வழக்கம். சம்பளப் பிரிவில் வேலை செய்பவன் என்பதால், எங்கள் குடும்பத்தில் அந்த உறவினர் நான்தான். வெள்ளவத்தையில் இருக்கும் சித்தியின் மகள் அண்மையில் அனுப்பிய கடிதத்தை, கம்பனியின் அடையாளங்களை நீக்கிவிட்டு, இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். "அண்ணா, சம்பளம் ஒன்றரை இலட்சம் என்று போட்டிருக்கு, கைக்கு எவ்வளவு வரும்?" என்பதே அவள் கேட்ட ஒரே கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே கடிதம் முழுவதையும் படிக்க வேண்டியிருந்தது.

முதலில் படத்தைச் சரிபார்க்கவும்

வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுவிடும். சிறிய எழுத்துகள் கலங்கிப்போகும். கூகுள் டிரைவில் உள்ள ஸ்கேன் வசதியால் எல்லாப் பக்கங்களையும் ஒரே பி.டி.எஃப். கோப்பாக்கி, அதை 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்வதே என் வழக்கம். எழுத்துகளைத் தானாகப் பிரித்தெடுக்கும் செயலிகளைச் சொற்களுக்கு மட்டும் நம்புவேன்; தொகைகளைக் கண்ணால்தான் வாசிப்பேன்.

தங்கை அனுப்பிய முதற்படத்தில் இரண்டு பக்கங்கள் மட்டுமே இருந்தன. சம்பளப் பிரிப்போ "இணைப்பு 1" என்ற மூன்றாம் தாளில் இருந்தது. பின் அடித்த மூலை மடிந்திருந்ததால், ஊக்கத்தொகைக்குப் பக்கத்தில் இருந்த சிறிய நட்சத்திரக் குறியும் மறைந்துவிட்டது. பின்னைக் கழற்றி, தாளைத் தட்டையாக வைத்து மறுபடி எடுக்கச் சொன்னேன். கடிதத்தில் "இணைப்பின்படி" என்று ஓர் இடத்தில் இருந்தாலும், அந்த இணைப்பு கைக்கு வரும் வரை கணக்கைத் தொடங்க வேண்டாம்.

அடுத்தது, மொத்தச் செலவைப் பிரித்தல்

'கொஸ்ட் டு கம்பனி' என்பது ஓர் ஊழியருக்காகக் கம்பனி செலவிடும் முழுத் தொகை. அது சம்பளம் அல்ல. இந்தக் கடிதத்தில் மாதத்துக்கு 150,000 ரூபாய் இப்படிப் பிரிக்கப்பட்டிருந்தது:

அடிப்படைச் சம்பளம் 96,000
போக்குவரத்துப் படி 15,000
ஊக்கத்தொகை* 17,000
ஊழியர் சேமலாப நிதி, கம்பனியின் பங்கு 11,520
ஊழியர் நம்பிக்கை நிதி 2,880
பணிக்கொடை ஒதுக்கீடு 4,000
மருத்துவக் காப்புறுதி* 3,600

சேமலாப நிதிக்குக் கம்பனி 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் செலுத்த வேண்டும். 11,520ஐ 0.12ஆல் வகுத்தால் 96,000 வருகிறது. ஆகவே இந்தக் கம்பனி அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டுமே நிதி கட்டுகிறது என்பதை யாரிடமும் கேட்காமலே கண்டுகொள்ளலாம். இந்த இரண்டும் ஊழியருக்கே உரிய பணம்தான், ஆனால் மாதக் கடைசியில் கைக்கு வருவதில்லை.

பணிக்கொடைத் தொகைதான் பலரையும் குழப்புவது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டுகளைப் பூர்த்தி செய்தவருக்கு, மாதச் சம்பளம் பெறுபவராயின், ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் அது கிடைக்கும். 96,000இன் பாதியைப் பன்னிரண்டால் வகுத்துத்தான் 4,000 என்று எழுதியிருக்கிறார்கள். மூன்றாம் ஆண்டில் வேறு வேலைக்குப் போனால், சட்டப்படி அந்த 4,000இல் ஒரு சதமும் உங்களுக்கு வராது. ஒருவேளை கிடைக்கக்கூடிய ஒரு தொகையை மாதச் செலவில் சேர்த்து எழுதுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். இரண்டு கம்பனிகளின் கடிதங்களை ஒப்பிடும்போது இந்தத் தொகையை வெட்டிவிட்டே ஒப்பிடுங்கள்.

நட்சத்திரமிட்ட ஊக்கத்தொகையையும் காப்புறுதியையும் இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம், காரணத்தைக் கீழே சொல்கிறேன். மிஞ்சுவது அடிப்படைச் சம்பளமும் போக்குவரத்துப் படியும். அதிலிருந்து சேமலாப நிதிக்கான ஊழியரின் 8 வீதத்தைக் கழிக்க வேண்டும். கூகுள் ஷீட்ஸில் B1இல் அடிப்படைச் சம்பளத்தையும் B2இல் படியையும் இட்டு, இதை எழுதினால் போதும்:

```
=B1+B2-B1*8%
```

விடை 103,320. முத்திரை வரிக்கான 25 ரூபாய் போன்ற சில்லறைக் கழிவுகளை நான் சேர்க்கவில்லை. 2025 ஏப்ரலிலிருந்து மாதத்துக்கு 150,000 ரூபாய் வரையான சம்பளத்துக்கு வருமான வரி பிடிக்கப்படுவதில்லை. ஊக்கத்தொகை சேர்ந்தாலும் இவளுடைய வருமானம் 128,000தான் என்பதால் வரி இல்லை. இணையத்தில் கிடைக்கும் சம்பளக் கணிப்பான்களில் பல இந்தியச் சட்டத்துக்கு அமைந்தவை. அவை ஊழியரிடமிருந்து 12 வீதத்தைக் கழித்துவிடும் என்பதால் நான் அவற்றைத் தொடுவதில்லை.

நட்சத்திரக் குறியும் தகுதிகாண் காலமும்

நட்சத்திரத்துக்கான விளக்கம் தாளின் அடியில் ஒரே வரியில் இருந்தது: சேவை நிரந்தரமாக்கப்பட்ட பின்னரே வழங்கப்படும். அப்படியானால் தகுதிகாண் காலத்தில், அதாவது புரொபேஷனில், ஊக்கத்தொகையும் இல்லை, காப்புறுதியும் இல்லை. முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை கைக்கு 103,320தான்.

அந்தக் காலம் எப்போது முடியும் என்பதைத்தான் நிதானமாக வாசிக்க வேண்டும். கடிதம் ஆறு மாதம் என்று சொல்லி, தேவையானால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம் என்று சேர்த்து, இறுதியில் "எழுத்து மூலம் உறுதிப்படுத்தப்படும் வரை" என்ற நிபந்தனையையும் வைத்திருந்தது. இப்படி எழுதியிருந்தால், ஆறாம் மாதம் முடிந்தது என்பதற்காக நிரந்தரமாகிவிட்டோம் என்று எண்ணியிருக்க முடியாது. உறுதிப்படுத்தும் கடிதம் பிந்தும் ஒவ்வொரு மாதமும் 17,000 ரூபாயும் காப்புறுதியும் பிந்துகின்றன. ஆறாம் மாதம் முடிவதற்கு இரண்டு வாரம் முன்பே மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுவது நல்லது.

முன்னறிவித்தல் காலம்

தகுதிகாண் காலத்தில் ஏழு நாள், அதன் பின் இரண்டு மாதம். முன்னறிவித்தல் கொடுக்காமல் விலகினால் இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தைக் கட்ட வேண்டும். அது 192,000 ரூபாய். புதிய கம்பனி "அடுத்த மாதமே வாருங்கள்" என்று அவசரப்படுத்தும் நாளில்தான் இந்தத் தொகை உறைக்கும்.

மறுபக்கமும் உண்டு. 15 பேருக்குக் குறையாத இடத்தில், பன்னிரண்டு மாதங்களுக்குள் 180 நாட்கள் வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணம் தவிர வேறு காரணத்துக்காக நீக்குவதானால், அவருடைய எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும் என்கிறது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். கடிதத்தில் இரண்டு மாத முன்னறிவித்தல் மட்டுமே எழுதியிருந்தாலும் அந்தப் பாதுகாப்பு இல்லாமற் போகாது. சிக்கல் வந்தால் நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்தில் விசாரிக்கலாம்.

பிற்சேர்க்கை

இதை வாசித்த ஒருவர், தகுதிகாண் காலத்தில் சேமலாப நிதி கட்டத் தேவையில்லை எனத் தன் கம்பனி சொல்வதாக எழுதியிருந்தார். அது சரியல்ல, முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும்.

இன்னொருவர், 14 நாள் வருடாந்த லீவு என்று கடிதத்தில் இருந்தும் தனக்கு ஏழு நாளே தரப்பட்டது ஏன் என்று கேட்டார். அவர் சேர்ந்தது செப்டெம்பரில். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி அடுத்த ஆண்டுக்கான வருடாந்த லீவு சேர்ந்த மாதத்தைப் பொறுத்தது: மார்ச் முடிவதற்குள் சேர்ந்தால் 14 நாள், ஜூன் வரை 10, செப்டெம்பர் வரை 7, அதன் பின் 4. அவருடைய கம்பனி சரியாகத்தான் கணக்கிட்டிருக்கிறது.